இருபத்து மூன்றாவது மாதம்

விழுப்புரத்தில் வக்கீல் சீனுவாசனிடம் குமாஸ்தாவாக இருந்த தேவசகாயத்துக்கு எண்கள் மேல் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. ஒரு கோடு சேர்த்தால் ஒன்று ஏழாகிவிடும், வாயை மூடினால் மூன்று எட்டாகிவிடும், இதையெல்லாம் நம்பி நிலத்தையும் நீச்சையும் எழுதி வைக்கிறார்களே என்று அங்கலாய்ப்பார். எழுத்தால் எழுதிய ‘செவன்’ எந்தக் கலெக்டர் வந்து பார்த்தாலும் செவன்தான் என்பது அவர் கட்சி. ஆகவே வக்கீல் ஆபீசிலிருந்து வெளியே போகிற எந்த இங்கிலீஷ் காகிதத்திலும் தேதி எண்ணால் போகாது. நாளை எழுத்தால் அடித்து, மாதத்தின் பெயரை முழுசாக அடித்து, வருஷத்தை ‘ஒன் தௌசண்ட் நைன் ஹண்ட்ரட் அண்ட்’ என்று நீட்டி முழக்கி அடித்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

டைப் கற்க வருகிற பையன்கள் அவரிடம் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ‘ஃபோர்’ என்பதில் ‘யு’ இருக்கிறதே என்று ‘ஃபார்ட்டி’யிலும் ஒரு ‘யு’வைச் செருகினால் போச்சு, அன்றைக்கெல்லாம் திட்டுதான். “ஏண்டா, உன் அப்பன் வீட்டு எழுத்தாடா அது? கேக்காம எடுத்துப் போட்டுக்கினு போறே?” என்பார். ‘நைன்த்’தில் ‘இ’ கிடையாது, ‘ட்வென்டி-ஒன்’னுக்கு நடுவில் சின்னக் கோடு உண்டு. கடுதாசிகளில் ‘இன்ஸ்ட்.’ என்று போட்டிருந்தால் இந்த மாசம், ‘அல்ட்.’ என்று போட்டிருந்தால் போன மாசம். ஆனால் கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் இந்த இரண்டு குட்டிப் பிசாசுகளையும் சேர்க்கவே கூடாது, கடுதாசி என்றைக்கு எழுதியதென்று பார்த்து, மாதத்தின் பெயரையே போட வேண்டும். சுருக்கெழுத்தைக் கண்டால் விரிக்கும் முன் இரண்டு இடத்தில் ஒத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் அவர் வகுத்த சட்டம். மற்றவர்களுக்கு வகுத்த சட்டம் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

அவர் படித்தது திண்டிவனத்தில், அமெரிக்கப் பாதிரி ஒருவர் நடத்திய பள்ளிக்கூடத்தில். கோர்ட்னி ஐயர் என்று பெயர். நல்ல மனுஷர், ஆனால் அவர் ஊர் வழக்கத்தை விடமாட்டார். தினமும் பலகையின் மேல் ஓரத்தில் தேதி போட வேண்டும், அதில் மாதம் முன்னால் வரவேண்டும், நாள் அதற்குப் பின்னால்தான். மாற்றிப் போட்டவன் கை பழுத்துவிடும். அந்தப் பழக்கத்தோடு தேவசகாயம் விழுப்புரத்துக்கு வேலைக்கு வந்து, முதல் வாரமே ஏப்ரல் ஒன்பதை 4/9 என்று எழுதிக்கொண்டு போய் வக்கீல் முன்னால் நீட்டினார். வக்கீல் அந்தக் காகிதத்தை விசிறியடித்தார்.

“யோவ், கேஸ் இன்னா அமெரிக்காவுலயா நடக்குது? ஊரெல்லாம் நாளை முன்னாடி போடுது, இவர் மட்டும் மாசத்தைத் தூக்கிக்கினு முன்னாடி வர்றாரு!”

ஆபீசே சிரித்தது. அந்த அவமானத்தில், பாதிரி கைப்பிரம்பால் ஏற்றி வைத்ததை தேவசகாயம் ஒரே மாதத்தில் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டார். எவ்வளவு சுத்தமாகப் பிடுங்கினார் என்றால், அப்படி ஒன்று இருந்ததே அவருக்கு மறந்துபோயிற்று. அதுதான் பின்னால் வினையாக வந்தது.

அந்த 1940ஆம் வருஷம் பங்குனியில் அஞ்சம்மாள் தன் மகன் சின்னதுரையோடு ஆபீசுக்கு வந்தாள். இரண்டு பேரும் விழுப்புரம் மல்லாட்டை மண்டியில் கூலிவேலை. அம்மா வேர்க்கடலை உடைப்பாள், மகன் மூட்டை தூக்குவான். ஒரு காலத்தில் திண்டிவனத்துக்கு மேற்கே சொந்தக் கிணறும் அதைச் சுற்றி நஞ்சையுமாக இருந்த குடும்பம். புருஷன் திடீரென்று செத்துப்போனான். கையில் குழந்தையோடு நின்றவளிடம் விருத்தாசலம் என்ற பக்கத்து நிலத்துக்காரர் வந்து, “ஒத்திதாம்மா, நாலு வருஷத்துல மீட்டுக்கலாம்” என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார். அது ஒத்திப் பத்திரம் இல்லை, கிரயப் பத்திரம். மைனர் மகனுக்குக் கார்டியனாக அவளே விற்றதாக எழுதியிருந்தது. அந்தக் கைநாட்டு வைத்த பெருவிரலை அவள் பேசும்போதெல்லாம் முந்தானையில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொள்வாள்.

“எம்புள்ள சொத்த நானே வித்துட்டேன் சாமி. அந்தப் பாவம் என் தலையில இருக்கக் கூடாது. நான் கண்ண மூடறதுக்குள்ள அந்தக் கிணத்தை அவன் கையில குடுத்துடணும்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

வழி இருந்தது. மைனராக இருந்தபோது கார்டியன் விற்ற சொத்தை, பதினெட்டு முடிந்து மூன்று வருஷத்துக்குள் மகன் பிராது போட்டு மீட்கலாம். மூன்று வருஷம் கடந்து ஒரு நாள் ஆனாலும் கதவு சாத்தியாயிற்று. ஆக, எல்லாம் சின்னதுரை என்றைக்குப் பிறந்தான் என்பதில் நின்றது.

“பொறந்த தேதி என்னாம்மா?” என்று கேட்டார் தேவசகாயம்.

“தேதியெல்லாம் எனக்கு இன்னா தெரியும் சாமி? இஸ்கூல்ல குடுத்த காயிதம் இருக்குது. டேய் கத்திரி, அதை எடுத்து ஐயா கையில குடு.”

கத்திரி என்றுதான் அவனை அவள் எப்போதும் கூப்பிட்டாள். ஆள் கருகருவென்று பளபளப்பாக இருப்பான், கத்திரிக்காய் மாதிரி இருப்பதால் வைத்த பெயர் என்று தேவசகாயம் நினைத்துக்கொண்டார். நீட்டிய காகிதம் அவர் படித்த அதே பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட். கீழே கோர்ட்னி ஐயர் கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “எங்க ஐயர் கைப்பா இது!” என்று சின்னதுரையிடம் பெருமையாகக் காட்டினார். பிறந்த தேதி 5/11/1919. உடனே குறிப்புக் காகிதத்தில், ‘ஃபிஃப்த் டே ஆஃப் நவம்பர்’ என்று தம் முத்துமுத்தான எழுத்தில் விரித்து எழுதினார். இரண்டு இடத்தில் ஒத்துப் பார்க்கச் சொல்கிற மனுஷர், அன்றைக்கு ஒரு இடத்தில்கூட ஒத்துப் பார்க்கவில்லை. ஐயர் கையெழுத்தாயிற்றே!

வக்கீலும் எட்டிப் பார்த்துவிட்டு, “நவம்பர் வரைக்கும் டைம் இருக்குது. கோர்ட் லீவு முடிஞ்சு ஆடி கழியட்டும், நிதானமா போடலாம்” என்று சொல்லிவிட்டார். தாயும் மகனும் கும்பிட்டுவிட்டு மண்டிக்குப் போனார்கள்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. கோடை லீவு முடிந்து ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை கோர்ட்டுகள் திறந்தன. வக்கீல் விழுப்புரம் கோர்ட்டுக்குக் கிளம்ப அங்கியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஸ்டேஷன் போர்ட்டர் இருதயராஜ் தன் அக்காள் மகனுக்கு ரயில்வேயில் வேலை கேட்டு ஒரு விண்ணப்பம் அடித்துத் தரச்சொல்லி வந்தான். கையில் அதே திண்டிவனம் பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட்.

“குடுய்யா, அஞ்சு நிமிஷம்” என்று தேவசகாயம் காகிதத்தை மெஷினில் செருகினார். பிறந்த தேதி 9/23/1922. ‘பார்ன் ஆன் தி நைன்த் டே ஆஃப்’ வரைக்கும் விரல்கள் தாமாக ஓடின. அடுத்து மாதத்தின் பெயர். கண் காகிதத்துக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று.

இருபத்து மூன்றாவது மாதம்.

“இன்னாய்யா தப்பா கீது?” என்றான் இருதயராஜ்.

தேவசகாயம் சர்ட்டிபிகேட்டைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தார். எண்ணாகவே இருந்திருந்தால் அப்படியே எடுத்தெழுதிவிட்டுப் போயிருப்பார், எழுத்தால் விரித்ததனால்தான் மாட்டிக்கொண்டது. இருபத்து மூன்று மாதமாக இருக்க முடியாது, அப்படியானால் ஒன்பதுதான் மாதம். ஐயர் மாதத்தை முன்னால் போடுகிறவர். பலகையும் பிரம்பும் பழுத்த உள்ளங்கையும் எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகத்துக்கு வந்தன. உடனே அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. ஐந்து, பதினொன்று. நவம்பர் ஐந்து இல்லை அது. மே மாதம் பதினொன்று.

மே பதினொன்றோடு மூன்று வருஷமும் முடிந்தாயிற்று. முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இல்லை, ஒரு சர்ட்டிபிகேட்டில் கைதவறி எழுதியிருக்கலாம், அவசரப்படாதே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, சின்னதுரையின் சர்ட்டிபிகேட்டைக் கேஸ் கட்டுக்குள்ளிருந்து உருவினார். பிறந்த தேதியை விட்டால் அதில் சர்ட்டிபிகேட் கொடுத்த தேதி ஒன்றுதான் இருந்தது, 7/10/1934. இரண்டு எண்ணும் பன்னிரண்டுக்குள். எது நாள், எது மாதம் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அலமாரியில் பழைய டைரிகளைப் புரட்டி 1934ஆம் வருஷத்து டைரியை எடுத்தார். அக்டோபர் ஏழு ஞாயிற்றுக்கிழமை. ஜூலை பத்து செவ்வாய்க்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை கோர்ட்னி ஐயர் பேனாவைத் தொடமாட்டார். அன்றைக்கு கர்த்தருடைய நாள், ஆபீஸ் அறையே பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் பையன் ஒவ்வொருவனுக்கும் அது தெரியும். ஆக அது ஜூலை பத்து. ஐயர் கைதவறவில்லை. தவறியது யார் கை என்று தேவசகாயத்துக்கு இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று.

அங்கியை ஒரு கையில் மாட்டியபடி வந்த வக்கீல் முன்னால் போய் நின்று, “சார், நான் கெடுத்துட்டேன்” என்றார். தேதிக் கதை முழுவதையும் ஒப்பித்தார்.

சீனுவாசன் கேட்டுக்கொண்டார். முகம் சிவந்தது. “உம்ம எழுத்தும் நீரும்! ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறீரே, இதைப் பார்க்கத் துப்பு இல்லையா உமக்கு?” என்று கத்தினார். தாமும்தான் எட்டிப் பார்த்துத் தலையாட்டினோம் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு, “இரும், இரும்” என்றார். “மே பதினொண்ணு கோர்ட் லீவு.”

“ஆமாங்க சார்.”

“கடைசி நாள் கோர்ட் மூடியிருந்தா, திறக்கற அன்னிக்குப் போடலாம்னு சட்டம் இருக்குய்யா! கிணறு இருக்கற திண்டிவனத்துல கோர்ட் எப்போ திறக்குது?”

“இன்னிக்கு சார்.”

“அப்போ இன்னிக்குத்தான் கடைசி நாள். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பிராது அங்க போய் விழணும். நாளைக்குப் போனா சுடுகாட்டுக்குப் போன மாதிரி.”

இந்த ஊர் கோர்ட்டும் இன்றைக்குத்தான் திறக்கிறது, வக்கீல் நகர முடியாது. தேவசகாயம் மெஷின் முன் உட்கார்ந்தார். வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை, அடிக்க அடிக்கக் கண்ணீர் வேறு. பழைய குறிப்பில் நவம்பர் ஐந்து என்றிருந்த இடத்தில் ‘லெவன்த் டே ஆஃப் மே’ என்று அடித்தார். ஒவ்வொரு தேதியையும் விரலால் தொட்டு ஒத்துப் பார்த்தார். வக்கீல் கையெழுத்துப் போட்டார். இருதயராஜை மண்டிக்கு விரட்டியதில், உடம்பெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு தாயும் மகனும் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தார்கள். ஏன் என்று கேட்கக்கூட அவகாசமில்லாமல் மதராஸ் பாசஞ்சரில் ஏறினார்கள். 1934ஆம் வருஷத்து டைரியை தேவசகாயம் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். ஐயர் வழக்கத்துக்கு அப்பட்டமான சாட்சியான போர்ட்டருடைய சர்ட்டிபிகேட்டை எடுத்துவர மறந்துவிட்டார்.

வண்டியில்தான் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். தாம் தேதியைத் தப்பாகப் படித்ததையும், இன்றைக்கே பிராது விழாவிட்டால் கிணறு போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எந்த மாதத்தை எந்த மாதமாகப் படித்தோம் என்ற இங்கிலீஷ் விவரம் இவர்களுக்கு எதற்கு என்று அதை மட்டும் விட்டுவிட்டார். அஞ்சம்மாள் பெருவிரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். சின்னதுரைதான், “உங்கள நம்பித்தான ஐயா காயிதத்தைக் குடுத்தோம்” என்றான். அதில் கோபம்கூட இல்லை. கோபித்திருந்தால் தேவலை என்றிருந்தது தேவசகாயத்துக்கு.

விக்கிரவாண்டி தாண்டும்வரை வண்டி ஒழுங்காகப் போயிற்று. மயிலத்தில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒற்றைப் பாதை, எதிர்வண்டி வந்தால்தான் இது நகரும். எதிர்வண்டி வருகிற வழியாகத் தெரியவில்லை. தேவசகாயம் இறங்கிப் பிளாட்பாரத்தில் நடந்தார், ஏறினார், மறுபடி இறங்கினார். “ஆண்டவரே, என் தப்புக்கு என்னைக் கொல்லும், இவங்களை ஏன் கொல்றீர்?” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் முறுக்கு விற்றவன் திரும்பிப் பார்த்தான்.

திண்டிவனத்தில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஜட்காக்காரனிடம், “ஜல்தியா கோர்ட்டுக்கு உடுப்பா” என்று சொல்லி மூவரும் ஏறிக்கொண்டார்கள். ஸ்டாம்பு வாங்கி ஒட்டி, சின்னதுரையிடம் அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கோர்ட்டின் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் மேஜைக்கு ஓடினார்கள். லீவு முடிந்த முதல் நாள், மேஜைமேல் காகிதம் குவிந்து கிடந்தது. சிரஸ்தார் சுப்பராயலு சிவப்புப் பென்சிலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் கறார்ப் பேர்வழி. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாத காகிதம் அவர் மேஜையைத் தாண்டி நீதிபதியான முன்சீப்பிடம் போனதே கிடையாது.

பிராதைப் படித்தார். சர்ட்டிபிகேட்டைப் படித்தார். பென்சில் நின்றது.

“இன்னாய்யா இது? பிராதுல மே பதினொண்ணுன்னு எழுத்தால அடிச்சிருக்கீர். சர்ட்டிபிகேட்ல அஞ்சாந்தேதி பதினொண்ணாவது மாசம்னு இருக்குது. ரெண்டும் ஒத்துப்போகலியே. கொண்டுபோய் சரிபண்ணிக்கினு நாளைக்கு வாரும்.”

“சார், நாளைக்கு முடியாது சார். இன்னிக்குத்தான் கடைசி. அது அமெரிக்க ஐயர் எழுதினது. அவங்க மாசத்தை முன்னாடி போடுவாங்க.”

“அப்படின்னு இதுல எழுதியிருக்குதா?”

தேவசகாயம் டைரியைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். ஏழாம் தேதி ஞாயிறு, பத்தாம் தேதி செவ்வாய், ஐயர் ஞாயிற்றுக்கிழமை எழுதமாட்டார் என்று மூச்சு வாங்கச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது குழந்தை கதை மாதிரி ஒலித்தது.

“உம்ம ஐயர் ஞாயித்துக்கெழம எழுதினாரா, எழுதலயான்னு நான் எங்கய்யா போய்ப் பாக்கறது?” என்றார் சிரஸ்தார். ஆனால் எதிரே நின்ற தேவசகாயத்தின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார். “சரி, இப்படிப் பண்ணும். மே பதினொண்ணை அடிச்சிட்டு, சர்ட்டிபிகேட்ல இருக்கற மாதிரியே நவம்பர் அஞ்சுன்னு கையால எழுதும். ஓரத்துல இனிஷியல் போட்டுடும். ரெண்டும் ஒத்துப்போயிடும், இப்பவே சீல் அடிச்சுடறேன்.”

ஒரே ஒரு கோடு. கோடு கிழித்து, பழைய தப்பை மறுபடி எழுதினால் போதும், பிராது இன்றைக்கே விழுந்துவிடும். இப்போது தேவசகாயத்துக்கு உண்மை தெரியும். அடியில் சின்னதுரை, இதில் சொன்னதெல்லாம் என் அறிவுக்கு உண்மை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். நாளைக்கே விருத்தாசலத்தின் வக்கீல் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரைக் கோர்ட்டுக்கு வரவழைத்தால், பிறந்த நாளையே பொய்யாகச் சொன்ன பையன் வேறெதில் நிஜம் சொல்வான் என்று கேட்பான். இங்கே எழுதினால் பையன் பொய்யனாவான். எழுதாவிட்டால் நேரம் முடிந்துபோகும்.

“எழுதிடுங்க ஐயா” என்றான் சின்னதுரை, அழாத குறையாக. “எந்த மாசமா இருந்தா இன்னா, எழுதிடுங்க.”

தேவசகாயம் பேனாவை எடுத்தார்.

“இன்னா எழுதச் சொல்றாரு?” என்று அஞ்சம்மாள் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

“இவன் பொறந்தது நவம்பர் மாசம்னும்மா. ஐப்பசின்னு.”

“ஐப்பசியா!” அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். “எந்தப் பாவி சொன்னான் ஐப்பசின்னு? சித்திரை முடியப் போவுது, கத்திரி வெயிலு, கெணத்துல சொட்டுத் தண்ணி இல்ல. பக்கத்து ஊர்லேருந்து கொடத்துல கொண்டாந்துதான் புள்ளயக் கழுவினாங்க. கத்திரியில பொறந்தவன்னுதான எம்புள்ளய கத்திரி கத்திரின்னு கூப்படறேன்! ஐப்பசியாமே, மழையில!”

தேவசகாயம் பேனாவைக் கீழே வைத்தார். கத்திரிக்காய் என்று நினைத்திருந்தாரே! பங்குனி மாதமே, அவர் காதுக்கு நேராக, அவள் அந்த மாதத்தைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

சிரஸ்தார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். “நீதான் பெத்தவளா?”

“நான் பெக்காம வேற யாரு சாமி பெத்தா?”

“கோர்ட்ல வந்து இதையே சொல்லுவியா?”

“எங்க வேணாலும் சொல்றேன். நான் வெச்ச கைநாட்டுதான் பொய்யாப் போச்சு, என் வயித்துல பொறந்த நாளுமா பொய்யாவும்?”

சுப்பராயலு பிராதைத் தம் பக்கம் இழுத்தார். கத்திரி வெயில் மே மாதத்தில்தான் வரும், அதற்கு அமெரிக்காவிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. சர்ட்டிபிகேட்டில் மாதம் முன்னால் போட்டிருப்பதாகப் பிராதுக்காரர் தரப்பு சொல்கிறது, தாயாரும் அப்படியே சொல்கிறார் என்று ஓரத்தில் குறிப்பு எழுதி, முன்சீப் எழுந்து போவதற்குள் உள்ளே கொடுத்தனுப்பினார். சீல் விழுந்த சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது.

கேஸ் மூன்று வருஷம் இழுத்தது. விருத்தாசலத்தின் வக்கீல் எதிர்பார்த்தபடியே பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரை வரவழைத்து, பிறந்தது மே மாதம்தான், பிராது கெடு தாண்டி வந்தது என்று வெற்றி முகத்தோடு எழுந்தார். பிராதிலேயே மே மாதம் என்றுதான் இருக்கிறது, கெடு லீவில் முடிந்ததால் கோர்ட் திறந்த அன்றைக்கே சீல் விழுந்திருக்கிறது என்று சீனுவாசன் காட்டியதும் அப்படியே உட்கார்ந்தார். கிணறு சின்னதுரைக்குத் திரும்பியது. தீர்ப்பு வந்த நாளில் அஞ்சம்மாள் உயிரோடு இருந்தாள். அதன் பிறகு ஆபீசுக்கு யார் எந்தச் சர்ட்டிபிகேட்டைக் கொண்டு வந்தாலும், தேவசகாயம் அதைக் கையில் வாங்கும் முன்பே, “பொறந்தப்போ வெயிலா, மழையா?” என்று கேட்டுவிடுவார். டைப் பையன்கள் அதற்கும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அதெல்லாம் பின்னால் வந்த கதை. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், திண்டிவனம் கோர்ட் படிக்கட்டில் இறங்கும்போது தேவசகாயம் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சம்மாளின் முகத்தைப் பார்க்க முடியாமல், “ஏம்மா, அன்னிக்கே கத்திரியில பொறந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“நீங்க தேதிதான சாமி கேட்டீங்க” என்றாள் அவள். “மாசத்தைக் கேக்கலியே.”